மூன்று விவரக்குறிப்புகள், ஒரு அம்மா: யாரை வீட்டுக்கு அழைப்பது?

ஏஜென்சியிலிருந்து மூன்று வீட்டுப் பராமரிப்பாளர்களுடைய விவரக்குறிப்பு வந்திருக்கிறது. மூன்றிலும் ஒரு புகைப்படம், மூன்றிலும் "பயிற்சி பெற்றவர், பொறுமையானவர், நம்பகமானவர்" என்ற வரி. யார் வேண்டும் என்று நாளைக்குள் சொல்லியாக வேண்டும். வீட்டுப் பராமரிப்பாளர்களை மேற்பார்வை பார்க்கும் செவிலியர் நான். இந்தக் கட்டத்தில் தவிக்கும் மகன்களும் மகள்களும் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "மூணும் ஒண்ணு போலவே இருக்கே, எதை வச்சு முடிவு பண்றது?"

வித்தியாசம் இருக்கிறது. அது கண்ணில் பட வேண்டுமானால், அந்தத் தாள்களைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, யாரைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்களோ அவருடைய ஒரு நாளை முதலில் எழுத வேண்டும். பல வீடுகளில் பார்த்ததைச் சேர்த்து ஒரு உதாரணம் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 76 வயது. பக்கவாதம் வந்ததில் இடது கையும் காலும் பலவீனமாகிவிட்டன. ஒருவர் பிடித்துக்கொண்டால் எழுந்து நின்று நாலு அடி வைப்பார். பேச்சு தெளிவாக இருக்கிறது. ஆனால் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதே அவர் மனதில் பதிவதில்லை. தட்டில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு, இடது பாதி அப்படியே இருக்க, "முடிஞ்சுது" என்று தள்ளிவிடுவார். மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்ட சிலருக்கு இப்படி ஆகும். கண் நன்றாகத்தான் இருக்கும், கவனம்தான் அந்தப் பக்கம் போகாது. சாதாரணத் தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. அதனால் பொடி கலந்து கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார் ஸ்பீச் தெரபிஸ்ட். மறதி தொடங்கியிருக்கிறது. குளிக்கக் கூப்பிட்டால் சண்டை, சாயங்காலமானால் பதற்றம். மகள் வேலைக்குப் போகிறவர். காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை அம்மாவும் பராமரிப்பாளரும் மட்டும்தான் வீட்டில்.

இப்போது தாள்களைத் திறக்கலாம்.

முதலாமவர் ஆறு மாதச் சான்றிதழ் படிப்பு முடித்தவர். மூக்குக் குழாய் வழி உணவு, சிறுநீர்க் குழாய் பராமரிப்பு, புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, முதலுதவி என்று திறன் பட்டியலே அரைப் பக்கம். இரண்டு வருட அனுபவத்தில் ஏழு வீடுகள். ஏஜென்சியின் தாளில் அச்சடித்த இரண்டு பாராட்டுக் கடிதங்கள்.

இரண்டாமவருக்கு மூன்று வாரப் பயிற்சி மட்டுமே, அதுவும் ஏஜென்சி கொடுத்தது. எட்டு வருடத்தில் மூன்று வீடுகள். கடைசி வீட்டில் நான்கு வருடம், மறதி நோய் இருந்த ஒரு முதியவருடன், அவர் காலமாகும்வரை. பழைய குடும்பங்களில் இரண்டு பேர் போனில் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்.

மூன்றாமவருக்கு ஐந்து வருட அனுபவம், ஐந்து குடும்பங்களின் உருக்கமான வரிகள். "சொந்தப் பொண்ணு மாதிரி பார்த்துக்கிட்டாங்க" என்பது அதில் ஒன்று. கூடவே ஒரு சிறு காணொளி. முதலுதவிச் சான்றிதழின் காலக்கெடு முடிந்துவிட்டது.

பெரும்பாலான குடும்பங்களின் கை முதலாமவரிடமோ மூன்றாமவரிடமோதான் போகும். பயந்திருப்பவர்களுக்குச் சான்றிதழும் கனிவான வார்த்தையும் தைரியம் தருவது இயல்புதான்.

பயிற்சி: பட்டியலில் உள்ளதும் பார்த்துச் சரிபார்த்ததும்

முதலாமவரின் பட்டியலில் உள்ள நுட்பங்கள் உண்மையிலேயே கடினமானவை. ஆனால் இந்த அம்மாவுக்கு மூக்குக் குழாய் கிடையாது, சிறுநீர்க் குழாயும் கிடையாது. அவருக்கு வேண்டியது நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் இரண்டு வேலைகள். விழாமல் இடம் மாற்றுவது ஒன்று, புரையேறாமல் சாப்பிட வைப்பது இன்னொன்று. இந்த இரண்டைப் பற்றியும் அந்த அரைப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அதற்காக அவருக்குத் தெரியாது என்று சொல்லிவிட முடியாது, ஆறு மாதப் படிப்பில் வந்திருக்கலாம். கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இரண்டாமவரின் தாளில் பயிற்சிப் பகுதி சின்னதுதான். ஆனால் அதில் ஒரு வரி இருக்கிறது: "படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றுதல், மேற்பார்வைச் செவிலியர் நேரில் பார்த்துச் சரிபார்த்தது", பக்கத்திலேயே தேதி, நான்கு மாதத்துக்கு முந்தையது. என் கணக்கில் இந்த ஒரு வரி பத்துத் திறன்களின் பட்டியலைவிட மேலானது. படித்தது எப்போதோ நடந்தது, கை மறந்திருக்கலாம். தேதியோடு ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்டிருந்தால், அந்தக் கை அன்றைக்கு என்ன செய்தது என்று விசாரிக்க ஒரு ஆள் இருக்கிறார்.

நேர்காணலில் மூவரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "அம்மாவுக்கு இடது பக்கம் பலவீனம். கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு எப்படி மாற்றுவீர்கள்?" சரியான பதில் நாற்காலியை வைக்கும் இடத்திலிருந்து தொடங்கும். பலமுள்ள பக்கமான வலப்பக்கத்தில், கட்டிலை ஒட்டிச் சற்றுச் சாய்வாக நாற்காலி. பிரேக் இரண்டையும் போட வேண்டும், கால் வைக்கும் தட்டுகளை மடக்கிவிட வேண்டும். இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடித்துத்தான் எழுப்ப வேண்டும். பலவீனமான கையையோ அக்குளையோ பிடித்து இழுக்கக் கூடாது, தோள் மூட்டு விலகிவிடலாம். அப்புறம் அடுத்த கேள்வி: "திரும்பக் கட்டிலுக்கு?" இங்கேதான் தெரிந்தவரும் தெரியாதவரும் பிரிவார்கள். திரும்பும்போதும் பலமுள்ள பக்கம்தான் முன்னால் போக வேண்டும். ஆகவே கட்டில் அம்மாவின் வலப்பக்கம் வரும்படி நாற்காலியைச் சுற்றி வேறு பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். செய்து பழகியவர் கொஞ்சம் யோசித்து, கையால் காட்டியே சொல்லிவிடுவார். இடப்பக்கக் கவனம் இல்லாத நோயாளியைப் பார்த்த அனுபவம் இருந்தால் இன்னொன்றும் சேர்ப்பார்: நாற்காலியைத் தள்ளும் முன் இடது கை மடியில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தக் கை சக்கரத்தில் போய் மாட்டினாலும் நோயாளிக்கு அது தெரியாமல் போகலாம்.

சாப்பாட்டுக்கும் இதே மாதிரி கேளுங்கள். நிமிர்ந்து உட்கார வைப்பது, சின்ன ஸ்பூன், ஒரு வாய் விழுங்கிய பிறகே அடுத்த வாய், சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது படுக்க விடாமல் இருப்பது, இடது கன்னத்துக்குள் உணவு ஒதுங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. இவ்வளவும் வர வேண்டும். இருமல் வந்தால்தான் புரையேறுகிறது என்று ஒருவர் நினைத்தால் அது ஆபத்து. சிலருக்கு இருமலே இல்லாமல் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். சாப்பிட்டபின் குரல் ஈரமாக, களகளவென்று ஒலிப்பதும், காரணம் தெரியாமல் காய்ச்சல் வருவதும்தான் அங்கே கிடைக்கும் அடையாளம். இரண்டாமவரிடம் இதைக் கேட்டால் "எனக்கு இதில் அனுபவம் இல்லை" என்றே சொல்வார் என்று வைத்துக்கொள்வோம். நேர்மையான பதில்தான், ஆனாலும் அது ஒரு நிஜமான குறை. முடிவெடுக்கும்போது இதை மறக்கக் கூடாது.

மூன்றாமவரின் முன்னாள் வீடுகள் எல்லாமே தாமாக நடமாடுகிறவர்கள், பேச்சுத்துணை தேவைப்பட்டவர்கள். ஆளைத் தூக்கி மாற்றிய அனுபவம் எங்கேயும் குறிப்பிடப்படவில்லை. காலாவதியான முதலுதவிச் சான்றிதழ் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை, அதைப் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அது தெரிந்தும் ஏஜென்சி அந்தத் தாளை அப்படியே அனுப்பியது ஏன் என்று அவர்களிடம் கட்டாயம் கேட்க வேண்டும்.

பொறுமை: ஒரு சம்பவமாவது வேண்டும்

"பொறுமையானவர்" என்ற சொல்லை வைத்து யாரையும் எடைபோட முடியாது, அது எல்லாத் தாளிலும் இருக்கும். பார்க்க வேண்டியது ஒரு சம்பவம். நோயாளி என்ன செய்தார், இவர் என்ன செய்தார், கடைசியில் என்ன ஆயிற்று? இரண்டாமவரின் தாளில் இப்படி ஒரு பத்தி இருக்கிறது:

"ஐயா குளிக்க வரமாட்டார். நான் வற்புறுத்த மாட்டேன். அரை மணி கழித்து மறுபடி போய், கால் மட்டும் கழுவலாமா என்று கேட்பேன். அதற்குச் சரி என்றால் மெதுவாக மேலே போவேன். தொடர்ந்து மூன்று நாள் குளிக்காமல் இருந்ததும் உண்டு. அந்த நாட்களில் கட்டிலிலேயே உடம்பைத் துடைத்துவிட்டு, மகனிடம் சொல்லிவிடுவேன்."

இந்தப் பத்தியில் எனக்கு நம்பிக்கை தருவது அந்த மூன்று நாள்தான். கதையை அழகாக்க நினைப்பவர் அதை எழுத மாட்டார். மறதி நோய் உள்ளவருடன் வாதாடக் கூடாது, வேலையைச் சின்னத் துண்டாக்கிக் கேட்க வேண்டும், மறுத்தால் விலகிப் பிறகு வர வேண்டும், வீட்டாரிடம் மறைக்கக் கூடாது என்ற நான்கும் அந்தச் சில வரிகளுக்குள் வந்துவிட்டன. மூன்றாமவரின் தாளில் இருப்பது "எவ்வளவு கோபப்பட்டாலும் சிரித்துக்கொண்டே இருப்பேன்" என்ற வரி. அதைச் சொல்லும்போது அவர் மனதார நினைத்துத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் அதை வைத்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. முதலாமவரின் தாளில் அந்த அடைமொழி மட்டும்தான், சம்பவமே இல்லை.

தாளில் இல்லாவிட்டால் நேரில் கேட்டு வாங்குங்கள். நான் கேட்கும் கேள்வி இது: "கடைசியாக எப்போது உங்களுக்குப் பொறுமை போனது? அந்த நேரத்தில் என்ன செய்தீர்கள்?" "எனக்குப் போகவே போகாது" என்பவரைவிட, "ஒரே நாளில் நாலு தடவை துணி மாற்ற வேண்டியிருந்தது, குரல் உயர்ந்துவிடும் போலிருந்தது. அம்மாவை நாற்காலியில் பத்திரமாக உட்கார வைத்துவிட்டு, வாசலில் போய் இரண்டு நிமிடம் நின்றேன், அப்புறம் மேற்பார்வையாளருக்குப் போன் செய்தேன்" என்பவரை நம்பலாம். எல்லோருக்கும் பொறுமை தீரும். அது தீர்ந்ததும் முதலில் நோயாளியைப் பத்திரப்படுத்தி, பிறகு தன்னை விலக்கிக்கொண்டாரா என்பதைத்தான் இந்தக் கேள்வி தேடுகிறது.

இந்த அம்மா விஷயத்தில் பொறுமைக்கு இன்னொரு முகமும் உண்டு. வலது கையால் தானே பொத்தான் போட அவருக்கு ஐந்து நிமிடம் ஆகும், பராமரிப்பாளர் போட்டால் பத்து விநாடி. பார்க்கச் சுறுசுறுப்பாகத் தெரியும் ஆட்கள் எல்லாவற்றையும் தாங்களே செய்து முடித்துவிடுவார்கள், வீட்டாரும் மகிழ்வார்கள். கொஞ்ச காலத்தில் அம்மாவுக்கு இருந்த திறமையும் போய்விடும். ஆகவே நேர்காணலில், "சட்டை மாற்றும்போது அம்மா என்ன செய்வார், நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்றும் கேளுங்கள். போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது பலமான கை முதலில் என்பது பயிற்சியில் வந்துவிடும். மீதியை அவரே செய்யட்டும் என்று காத்திருப்பது ஆளைப் பொறுத்தது.

சாயங்காலப் பதற்றத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வழக்கமான பதற்றத்தைப் பொறுமையாகக் கையாள்வது நல்லது. ஆனால் குழப்பம் ஒரே நாளில் திடீரென்று அதிகமானால் அதைப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், உடலில் நீர் குறைவது, புதிதாக மாற்றிய மருந்து என்று உடல்ரீதியான காரணம் இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "அம்மா எப்பவும் இப்படித்தான்" என்று பழகிப்போகாமல் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கக்கூடியவர்தான் வேண்டும்.

பரிந்துரை: கடிதமும் போனும்

முதலாமவரின் இரண்டு கடிதங்களும் ஏஜென்சியின் தாளில், ஒரே நடையில் இருக்கின்றன. பொய் என்று சொல்ல மாட்டேன். குடும்பம் போனில் சொன்னதை அலுவலகத்தில் தட்டச்சு செய்திருக்கலாம். ஆனால் அதை வைத்துக்கொண்டு மேற்கொண்டு எதுவும் கேட்க முடியாது. மூன்றாமவரின் ஐந்து வரிகளுக்கும் அதே கதிதான். ஐந்தும் அவரே தேர்ந்தெடுத்த வீடுகள். ஏஜென்சியிடம், "இவர் கடைசியாக வேலை செய்த இரண்டு வீடுகளில் யாராவது எங்களோடு பேசச் சம்மதிப்பார்களா?" என்று கேளுங்கள். "கடைசியாக" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். நன்றாக முடிந்த வீடுகளை மட்டும் பொறுக்கித் தர அது வழி விடாது.

முன்னாள் நோயாளியின் பெயரும் நோயும் தாளிலேயே அச்சாகியிருந்தால், கூடுதல் நம்பகத்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் அம்மாவின் விவரமும் நாளை அப்படித்தான் அடுத்த வீட்டுக்குப் போகும். ஒழுங்கான ஏஜென்சி சம்மதம் கேட்டு, போன் பேச நேரம் வாங்கித் தரும்.

போனில் "எப்படி இருந்தார்?" என்று கேட்டால் "நல்லா இருந்தாங்க" என்ற பதில்தான் வரும். அதனால் நடந்ததைக் கேளுங்கள். ஏன் வேலை முடிந்தது? கடைசி மாதத்தில் எத்தனை நாள் வரவில்லை, முன்கூட்டியே சொன்னாரா? தவறு நடந்தபோது உங்களுக்கு எப்படித் தெரிந்தது, அவர் சொல்லியா, நீங்களே கண்டுபிடித்தா? என்னைக் கேட்டால் இந்த மூன்றாவது கேள்விக்குத்தான் மற்ற இரண்டையும்விட அதிக எடை. இரண்டாமவரின் பழைய வீட்டு மகன் சொன்னதை இப்படி வைத்துக்கொள்வோம்: "ஒரு தடவை அப்பா மாத்திரை விட்டுப்போச்சு. நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அவங்களே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. ஆனா ஒண்ணுங்க, நோட்டுல எழுத மாட்டாங்க. நாம கேட்டாத்தான் வாயால சொல்வாங்க." குறையோடு வந்த இந்தப் பதில்தான் எனக்கு நல்ல பரிந்துரை. புகழ்ச்சி மட்டுமே வந்திருந்தால் அந்த நோட்டு விஷயம் உங்களுக்குத் தெரியவே போவதில்லை.

முதலாமவருக்கு ஏழு வீடு என்பதைப் பார்த்ததும் ஒதுக்கிவிட வேண்டாம். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓரிரு மாதம் மட்டும் ஆள் தேவைப்படும் வீடுகளாக இருந்தால் ஏழு என்பது சாதாரணம். நோயாளி குணமாகி முடிந்தவை எத்தனை, இவர் விலகியவை எத்தனை, வீட்டார் மாற்றக் கேட்டவை எத்தனை என்று ஏஜென்சியிடம் பிரித்துக் கேளுங்கள். பதிவேடு வைத்திருக்கும் ஏஜென்சிக்கு இதைச் சொல்வது கஷ்டமில்லை. மழுப்பினால் பிரச்சினை அந்தப் பராமரிப்பாளரிடம் இல்லாமல் ஏஜென்சியிடமே இருக்கலாம். அடையாளச் சரிபார்ப்பும் காவல்துறைச் சரிபார்ப்பும் யார் செய்தது, எந்தத் தேதியில் என்பதையும் அதே போனில் கேட்டுவிடலாம்.

முடிவு

இந்த அம்மாவுக்கு நான் இரண்டாமவரையே தேர்ந்தெடுப்பேன். அவரிடம் இல்லாதது விழுங்கும் சிரமத்தைக் கையாளும் பழக்கமும் எழுதும் பழக்கமும். இரண்டையும் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க முடியும், சரியாக வந்ததா என்று பார்க்கவும் முடியும். முதலாமவரிடம் இருக்கிறதா என்று தெரியாமல் இருப்பதோ, மறுக்கும் நோயாளியோடு பல மாதம் ஒரே வீட்டில் ஓட்டும் பக்குவம். அதை நாம் சொல்லிக்கொடுக்க முடியாது.

ஆனால் நிபந்தனை இல்லாமல் இல்லை. வேலை தொடங்கும் முன் ஸ்பீச் தெரபிஸ்ட்டோடு ஒரு வேளைச் சாப்பாடு, பிசியோதெரபிஸ்ட்டோடு ஒருமுறை இடமாற்றம், இரண்டையும் அவர் கையாலேயே செய்து காட்ட வேண்டும். எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு பொடி என்பதை எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்ட வேண்டும். முதல் சில நாட்கள் மகள் வீட்டில் இருக்க வேண்டும், அந்த நாட்களுக்கும் முழுச் சம்பளம் கொடுக்க வேண்டும். நோட்டுக்கு வெற்றுத் தாளைக் கொடுக்காமல் கோடு போட்டுக் கொடுங்கள்: நேரம், எவ்வளவு சாப்பிட்டார், இருமினாரா, மருந்து, குளியல், கழிப்பறை, தோலில் சிவப்பு. எழுதும் பழக்கம் இல்லாதவருக்கும் டிக் போடுவது எளிது. நாற்காலியிலேயே அதிக நேரம் இருக்கும் அம்மா என்பதால் அந்தக் கடைசிக் கட்டம் முக்கியம். விரலால் அழுத்தி எடுத்தபின்னும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் அது படுக்கைப்புண்ணின் தொடக்கம். கருத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும்.

பத்து மணி நேரம் ஒருவரே தொடர்ந்து பார்ப்பதால், நடுவில் உண்மையான ஓய்வு அவருக்குக் கிடைக்க வேண்டும். அம்மா மதியம் தூங்கும் நேரத்தில் வேறு வீட்டு வேலைகளைத் தலையில் கட்டினால், சாயங்காலப் பதற்றம் தொடங்கும்போது அவரிடம் பொறுமை மிச்சம் இருக்காது. அவர் விடுப்பு எடுக்கும் நாளில் யார் வருவார் என்பதையும் முன்பே பேசிவைக்க வேண்டும். மாற்று ஆளும் ஒருமுறை வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனால் நல்லது.

அம்மாவின் நிலை வேறாக இருந்தால் என் பதிலும் வேறு. எழுந்து உட்கார முடியாமல், மூக்குக் குழாயில் உணவு போகும் நிலை என்றால், முதலாமவரிடம்தான் முதலில் பேசுவேன். அப்போதும் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று யார் பார்ப்பது, எதைச் செவிலியர் மட்டுமே செய்யலாம் என்பதை ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்டு வாங்குவேன். அம்மா தாமாக நடமாடி, தனிமை மட்டும்தான் பிரச்சினை என்றால் மூன்றாமவர் மிகப் பொருத்தமானவர். அந்த ஐந்து குடும்பங்கள் சொன்னது அந்த வேலையைப் பற்றித்தான்.

இரண்டாமவர் வந்தபிறகு, இரண்டாவது வாரக் கடைசியில் நோட்டை எடுத்து மூன்று விஷயங்களைப் பாருங்கள்: சாப்பிட எடுக்கும் நேரம் திடீரென்று குறைந்திருக்கிறதா, எல்லாக் கட்டத்திலும் ஒரே மாதிரி டிக் விழுந்திருக்கிறதா, "மறுத்தார்" என்று ஒரு இடத்திலாவது எழுதியிருக்கிறதா. குளிக்கச் சண்டை போடும் அம்மா பதினான்கு நாளும் மறுக்காமல் குளித்தார் என்றிருந்தால், மகள் ஒரு நாள் முன்னறிவிப்பில்லாமல் மதியம் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும்.